மெமோவுல எந்த 'சி' மிஸ்ஸிங்னு கேட்டா எங்கெல்லாம் தப்பு பண்றோம்

பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பர்ல ஒரு மெமோவைக் கொடுத்து, இதுல ஏழு 'சி'ல எது இல்லன்னு கேப்பாங்க. ஒரு நல்ல மெசேஜுல இருக்க வேண்டிய, ஆங்கிலத்துல 'சி'ல ஆரம்பிக்கிற ஏழு குணங்கள்தான் இது: கம்ப்ளீட்னெஸ், கான்கிரீட்னெஸ், கிளாரிட்டி, கரெக்ட்னெஸ், கன்சைஸ்னெஸ், கர்ட்டஸி, கன்சிடரேஷன். ஏழு பேரையும் ஒப்பிக்கத் தெரிஞ்சவங்க கூட இதுல மார்க் விடுறாங்க, அதுவும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விடுறாங்க: படிச்சதும் ஏதோ சரியில்லன்னு தோணும், உடனே கிளாரிட்டின்னு டிக் அடிச்சிடுவாங்க. எந்தக் குறை இருந்தாலும் மெசேஜ் கொஞ்சம் புரியாமத்தான் போகும், தேதி விட்டுப்போனாலும் குழப்பம், தேதி தப்பா இருந்தாலும் குழப்பம், வளவளன்னு எழுதினாலும் குழப்பம். அதனால "புரியல"ங்கிற உணர்வை வச்சு விடை சொல்ல முடியாது. இந்த மெமோவை சரி பண்ண நான் என்ன செய்யணும்னு கேட்டுப் பாருங்க. புதுசா ஒண்ணு சேக்கணுமா, இருக்கிற வார்த்தையை மாத்தணுமா, வெட்டணுமா, தப்பைத் திருத்தணுமா, தொனியை மாத்தணுமா? அந்த வேலை என்னவோ அதுதான் விடை.

ஒரே ஒரு மெமோவை எடுத்துக்குவோம்.

"விற்பனைப் பிரிவு ஊழியர்கள் அனைவருக்கும். புதிய பில்லிங் மென்பொருளுக்கான பயிற்சி ஜூன் 12, வியாழக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை நடைபெறும். அடையாள அட்டையுடன் வரவும்."

வாக்கியம் எல்லாம் நல்லா இருக்கு, தேதி, நேரம் எல்லாம் நம்பரோட இருக்கு, யாருக்குன்னும் இருக்கு. ஆனா எங்க வரணும்? இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. இதை சரி பண்ண புதுசா ஒரு தகவலை சேக்கணும், அப்போ இது கம்ப்ளீட்னெஸ் இல்லாத மெமோ. நல்லா எழுதியிருக்கிற மெமோவுல விட்டுப்போனது சட்டுனு கண்ணுல படாது, படிச்சா சரளமா போயிடும். அதனால யார், என்ன, எப்போ, எங்க, ஏன், எப்படின்னு ஒரு ரவுண்டு விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் ஆப்ஷன் பக்கம் போங்க.

இப்போ அதே மெமோவை லேசா மாத்துறேன். "பயிற்சி அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலையில் மூன்றாம் மாடி அரங்கில் நடைபெறும், சிறிது நேரமே ஆகும்." இங்க எப்போங்கிறதுக்குப் பதில் இருக்கு, ஆனா பிடிமானமே இல்ல. "ஒரு நாள்", "சிறிது நேரம்" ரெண்டையும் தூக்கிட்டு ஜூன் 12, ரெண்டு மணி நேரம்னு போட்டா சரியாயிடும். இது கான்கிரீட்னெஸ் பிரச்சனை. கம்ப்ளீட்னெஸுக்கும் இதுக்கும் நடுவுலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க, ஏன்னா ரெண்டுலயும் ஊழியர் போன் பண்ணி "எப்போ சார், எங்க சார்"னு கேக்கத்தான் போறாரு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அவர் கேக்குற கேள்விக்குரிய வார்த்தை மெமோவுல எங்கயாவது இருக்கான்னு விரல் வச்சுத் தேடுங்க. விரல் வைக்க ஒரு வார்த்தை கிடைச்சு, அது பிடிமானம் இல்லாம இருந்தா கான்கிரீட்னெஸ். விரல் வைக்க இடமே இல்லன்னா கம்ப்ளீட்னெஸ்.

அடுத்த மாற்றம். "மேலாளர்களும் ஊழியர்களும் ஜூன் 12 காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் மூன்றாம் மாடி அரங்குக்கு வர வேண்டும்." நம்பர் இருக்கு, இடம் இருக்கு, எதுவும் விட்டுப்போகல. ஆனா மேலாளர் 10 மணிக்கு, ஊழியர் 2 மணிக்கா? இல்ல எல்லாரும் ரெண்டு தடவையும் வரணுமா? ரெண்டு பேர் படிச்சா ரெண்டு அர்த்தம் எடுத்துக்கலாம். இதுதான் உண்மையான கிளாரிட்டி குறை. வாடிக்கையாளருக்குப் போற கடிதத்துல கம்பெனிக்குள்ள மட்டும் புழங்குற சுருக்கப் பெயர்களும் டெக்னிக்கல் வார்த்தையும் நிறைஞ்சு கிடந்தா அதுவும் இங்கதான் வரும். மத்த எதுவும் பொருந்தலன்னா மட்டும் கிளாரிட்டிக்கு வாங்கன்னு சொல்வேன், அந்த வரிசையில பாத்தாலே பாதி தப்பு குறையும்.

கரெக்ட்னெஸ் சுலபம்னு நினைப்பாங்க. "பயிற்சி ஜூன் 31 அன்று நடைபெறும்"னு போட்டா, அப்படி ஒரு தேதியே கிடையாது, அது கரெக்ட்னெஸ். சிக்கல் எங்கன்னா, மெமோவுல ஒரு சின்ன எழுத்துப்பிழை இருக்கும், அதைப் பாத்த சந்தோஷத்துல கரெக்ட்னெஸ்னு போட்டுட்டு வந்துடுவாங்க, ஆனா அந்த மெமோவோட பெரிய குறை வேற எங்கயோ இருக்கும். ஒண்ணுக்கு மேல குறை இருந்தா கேள்வியோட கடைசி வரியைத் திரும்பப் படிங்க. "பாதி பேர் காலையில வந்தாங்க, பாதி பேர் மதியம் வந்தாங்க"ன்னு விளைவு கொடுத்திருந்தா, அந்த விளைவை உண்டாக்கின குறைதான் விடை. எழுத்துப்பிழையால யாரும் நேரம் மாறி வர மாட்டாங்க.

கன்சைஸ்னெஸ்ல ஒரே ஒரு விஷயம்தான். நீளத்தைப் பாக்காதீங்க. ஒரு பக்க மெமோ கூட ஒவ்வொரு வரியும் தேவைன்னா சுருக்கமானதுதான், மூணு வரி மெமோவுல "இதன் மூலம் தங்களுக்குத் தெரிவித்துக் கொள்வது என்னவென்றால்"னு ஒரு வரி வீணாப் போனா அது சுருக்கமில்ல. வெட்டியும் அர்த்தம் குறையலன்னா கன்சைஸ்னெஸ் இல்ல, அவ்வளவுதான். வெட்டினதுல இடமோ தேதியோ போயிடுச்சுன்னா அது கம்ப்ளீட்னெஸ் கேஸா மாறிடும்.

கர்ட்டஸியும் கன்சிடரேஷனும்தான் எல்லாத்தையும் விட வழுக்குற இடம், இதுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். "உங்கள் அலட்சியத்தால் கணக்கு முடிக்க முடியவில்லை, பயண பில்களை உடனே ஒப்படைக்கவும்." இது முகத்துல அடிச்ச மாதிரி இருக்கு, கர்ட்டஸி இல்ல, யாருக்கும் சந்தேகம் வராது. இப்போ இதைப் பாருங்க. "மாதக் கணக்கை முடிப்பது எங்கள் பிரிவுக்கு எளிதாக இருக்கும் என்பதால், தயவுசெய்து பயண பில்களை 25-ஆம் தேதிக்குள் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம், நன்றி." தயவுசெய்து இருக்கு, அன்புடன் இருக்கு, நன்றியும் இருக்கு. மரியாதைக்குக் குறைவே இல்ல. ஆனா காரணம் முழுக்க எழுதினவரோட வசதி, படிக்கிறவருக்கு இதுல என்ன கிடைக்கும்னு எழுதினவர் யோசிக்கவே இல்ல. "25-ஆம் தேதிக்குள் பில்களைக் கொடுத்தால் உங்கள் பணம் இந்த மாதச் சம்பளத்தோடு வந்துவிடும்"னு எழுதினா அதுதான் கன்சிடரேஷன். "நாங்கள், எங்கள்" மட்டுமே வந்துட்டே இருக்கிற பணிவான மெமோவைப் பாத்தா சந்தேகப்படுங்க. ஆனா "நீங்கள்"ங்கிற வார்த்தையை மட்டும் எண்ணாதீங்க, "நீங்கள் தவறு செய்துள்ளீர்கள்"லயும் நீங்கள் இருக்கு. தொனியை மட்டும் மாத்தினா சரியாகும்னா கர்ட்டஸி, சொல்ற காரணத்தையே படிக்கிறவர் பக்கம் திருப்பணும்னா கன்சிடரேஷன்.

கடைசியா, ஆப்ஷனைப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. சில புத்தகங்கள்ல கன்சிடரேஷன் இருக்கிற இடத்துல கோஹரன்ஸ்னு போட்டிருப்பாங்க, அதாவது விஷயங்கள் ஒண்ணுக்கொண்ணு கோத்த மாதிரி வரணும். பில்லிங் பயிற்சின்னு ஆரம்பிச்சு, நடுவுல கேன்டீன் நேரம் மாறினதைச் சொல்லி, மறுபடி பயிற்சிக்கு வந்தா, வரிசையை மாத்தணும், அது கோஹரன்ஸ். உங்க சிலபஸ்ல எந்தப் பட்டியல் இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. கோஹரன்ஸ் இல்லாத பட்டியல்ல இந்த மாதிரி தாறுமாறா அடுக்கின மெமோ வந்தா அது கிளாரிட்டிக்குள்ளதான் போகும்.