வைஃபை பெயரே காணோமா? முதலில் கேபிளைச் செருகிப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் அத்தை வீட்டில் தினமும் காலையில் வைஃபை பெயரே போனில் வராது. மதியத்துக்குள் தானாக வந்துவிடும். லைன் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். ரவுட்டரில் பவர், இன்டர்நெட் விளக்குகள் எரிந்தன. வைஃபையைக் காட்டும் WLAN விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் LAN துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள் போடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். திறந்தால் லைன் நன்றாக இருக்கிறது, ரவுட்டரில் வைஃபை அனுப்பும் ரேடியோ மட்டும்தான் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். கேபிளிலும் வராவிட்டால் கோளாறு வேறு இடத்தில்.

அடுத்து, பின்பக்கம் வைஃபை பட்டன் இருந்தால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டே அது அணைந்திருக்கலாம். சில மாடல்களில், பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்க உதவும் WPS-க்கும் அதே பட்டன்தான். அவற்றில் லேசாகத் தட்டினால் போதாது. பக்கத்திலுள்ள ரீசெட்டைத் தொடாதீர்கள், இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்துபோகலாம்.

அத்தை வீட்டில் பட்டன் சரியாகவே இருந்தது. கேபிள் வழியாகவே ரவுட்டர் ஸ்டிக்கரில் இருந்த முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) போய்ப் பார்த்தோம். மின்சாரம் மிச்சப்படுத்த இரவு 11 முதல் காலை 6 வரை வைஃபை அணையும்படி அட்டவணை. ஆனால் ரவுட்டரின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை, உலகப் பொது நேரமான UTC-யில் ஓடியது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் அது அதிகாலை 4.30 முதல் 11.30 வரை அணைந்திருந்தது. நேர மண்டலத்தை GMT+05:30 என்று மாற்றிச் சேமித்ததும் சரியாகிவிட்டது.