டிரேட் டெஸ்ட் முடிந்து போன் வரவில்லையா? துபாயில் வேலை தேடும் எலக்ட்ரீஷியன்களுக்கு

டெஸ்ட் எடுப்பவர் ஃபோர்மேன் அல்லது சைட் இன்ஜினியர். உங்களைக் கூப்பிட வேண்டியவர் ஹெச்.ஆர். பெரும்பாலும் தகவல் நிற்பது இந்த இருவருக்கும் நடுவில்தான். அதனால் டெஸ்ட் முடிந்து கிளம்பும் முன்பே இருவரின் பெயரையும் வாட்ஸ்அப் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். "முடிவு யார் சொல்வார்கள், எந்த நாளுக்குள்?" என்றும் கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அன்று மாலையே ஹெச்.ஆருக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு சிறு செய்தி அனுப்புங்கள். பெயர், எந்த வேலைக்கு, டெஸ்ட் நடந்த தேதியும் இடமும், என்ன செய்து காட்டினீர்கள், விசிட் விசா முடியும் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். "டூ-வே சுவிட்ச் வயரிங்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இணைப்பும் செய்தேன்" என்று எழுதினால், ஒரே நாளில் பலரைப் பார்த்த ஃபோர்மேனிடம் விசாரிக்கும்போது உங்களை அடையாளம் சொல்வது எளிது. சி.வி.யையும் அதே செய்தியோடு இணைத்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நாள் எதுவும் சொல்லவில்லையென்றால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை பல அலுவலகங்கள் மதியத்தோடு மூடிவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஹெச்.ஆரை அழையுங்கள். அதற்கு முன் ஆட்களை சைட்டுக்கு அனுப்பும் பரபரப்பில் இருப்பார்கள். "செலக்ட் ஆனேனா?" என்று கேட்டால் "சொல்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். "டெஸ்ட் ரிசல்ட் ஃபோர்மேனிடமிருந்து உங்களுக்கு வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால், ஃபோர்மேனுக்கு நீங்களே பணிவாக ஒரு செய்தி போடலாம். வந்துவிட்டது, ஆனால் புராஜெக்ட் தொடங்கவில்லை அல்லது விசா கோட்டா கிடைக்கவில்லை என்றால், அது உங்கள் வேலைத் திறமை பற்றிய முடிவல்ல. ஆனால் எத்தனை நாள் ஆகும் என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் ஒரு முறை கேட்டுவிட்டு, வேறு கம்பெனிகளில் டெஸ்டுக்குப் போய்க்கொண்டே இருங்கள். தினமும் அழைத்தால் எண்ணை பிளாக் செய்துவிடுவார்கள்.

"செலக்ட், ஆஃபர் வரும்" என்று வாயால் சொன்னதை நம்பி விசா தேதியைக் கடந்துவிடாதீர்கள். கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால்தான் அது வேலை. அந்தப் படிவம் தமிழிலும் உண்டு. அடிப்படைச் சம்பளத்தையும் அலவன்ஸையும் தனித்தனியாகப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

"அதுவரை இரண்டு நாள் சைட்டில் வேலை செய்து பாருங்கள்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்வது சட்டவிரோதம்; சோதனையில் பிடிபட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். விசா செலவு என்று உங்களிடம் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது முதலாளி ஏற்க வேண்டிய செலவு என்பதே அங்குள்ள சட்டம். பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் கொடுங்கள், அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.