தும்மலைத் தமிழில் எழுதுவது எப்படி?

சிறுவர் படக்கதையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது கதை எளிதில் வந்துவிடும். இடறுவதெல்லாம் சின்னஞ்சிறு ஒலிச்சொற்களில்தான். ஒரு பக்கத்தைச் செய்து பார்ப்போம். பையன் தும்முகிறான்: 'அச்சூ!' கைபட்டுக் கஞ்சிக் கிண்ணம் கவிழ்கிறது: 'ஊப்ஸ்!' சிந்தியதில் கைவைத்த தங்கை முகம் சுளிக்கிறாள்: 'யக்!'

படி 1: மூலச் சொற்களை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். தும்மல் உடம்பு போடும் சத்தம். மற்ற இரண்டும் வாய் சொல்பவை. ஆகவே யார், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தும்மலை எழுதுங்கள். ஜப்பானியர் 'ஹகுஷோன்' என்கிறார்கள், ஜெர்மானியர் 'ஹட்ஷி' என்கிறார்கள். ஆங்கிலத் தும்மலைக் கட்டிக் காக்கும் கடமை நமக்கில்லை. நான் முதலில் 'அச்சோ' என்று எழுதி, மாம்பலத்தில் அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். "யாருக்கு அடிபட்டது, சித்தி?" என்றாள். அவள் கேட்டது சரி. நம் வீடுகளில் அச்சோ என்றால் இரக்கம். திருவாசகத்தின் அச்சோப் பதிகத்தில் அது வியப்பு.

'ஹச்!' என்று மெய்யெழுத்தில் முடியுங்கள். மூச்சு வெடித்து நிற்பது அதில் கேட்கும். நீட்ட வேண்டுமானால் முன்பக்கம் நீட்டுங்கள்: 'ஹா... ஹா... ஹச்!' புள்ளி விட்டுப்போய் 'ஹச' என்றானால், சகரம் ஸகரம்போல ஒலித்துத் தும்மலில் காற்று இறங்கிவிடும். மூலத்தில் பக்கத்திலிருப்பவர் ஆசி சொன்னால், அதைப் பாட்டியின் வாயில் 'நூறு!' என்று போடலாம்.

படி 3: 'ஊப்ஸ்'. மூன்றில் இதுவே கடினம், ஏனென்றால் தன் சிறு தவற்றை லேசாக ஒப்புக்கொள்ள நமக்கு ஒரே சொல் கிடையாது. 'ஐயோ' கஞ்சிக்குப் பெரிது; அது எமன் மனைவியின் பெயர் என்று அதட்டும் பெரியவர்களும் உண்டு. 'அடடா' பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்வது. 'அடச்சே'யில் எரிச்சல் ஏறிவிடும். பொருள் கொட்டினால் 'அச்சச்சோ' பொருந்தும். ரகசியத்தை உளறிவிட்ட பாத்திரம் 'ஊப்ஸ்' என்றாலோ, ஒலிச்சொல்லையே விட்டுவிட்டு 'நாக்கைக் கடித்துக்கொண்டான்' என்று எழுதுங்கள்.

படி 4: 'யக்'. தங்கை 'சீ' என்றால் அண்ணனைத் திட்டுவதாகிவிடும். அவள் அருவருப்பது கஞ்சியை, எனவே 'உவ்வே'. 'ச்சே' ஏமாற்றத்துக்கு, இங்கே ஒட்டாது.

படி 5: படத்தைக் காட்டாமல் ஒரு குழந்தைக்கு உரக்கப் படியுங்கள். யார் என்ன செய்தார் என்று குழந்தை கேட்டால், கேட்ட இடத்தைத் திருத்துங்கள். என் பக்கம் கடைசியில் இப்படி நின்றது:

'ஹா... ஹா... ஹச்!'
'அச்சச்சோ, கஞ்சி!'
'உவ்வே, கொழகொழ!'

மூன்றாவது வரியில் அக்கா மகள் தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.