வெள்ளவத்தையில் தொடர்மாடி வாங்குகிறீர்களா? பில்டர் விலையைக் கூட்டினால் கணக்குக் கேட்பது இப்படி

என் பெரியம்மாவின் மகள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மூன்றறை வீடு ஒன்றை எடுத்திருந்தார். கட்டடத்தில் மொத்தம் 42 வீடுகள். ஒப்பந்த விலை 3 கோடி 20 இலட்சம். அதில் அறுபது வீதத்தைக் கட்டி முடித்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. கார் பார்க் கட்டணம் 12 இலட்சம், மேலதிக வசதிகளுக்கு 9 இலட்சம், விலைத் திருத்தம் 6 இலட்சத்து 40 ஆயிரம், ஆக மொத்தம் 27 இலட்சத்து 40 ஆயிரம். பதினான்கு நாளுக்குள் கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அக்கா அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்டார். "அக்கா, மற்ற ஆக்கள் எல்லாரும் கட்டிட்டினம்" என்று ஒரு தம்பி சொன்னார். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

அந்தக் கணக்கை நாங்கள் எப்படிக் கேட்டோம், கடைசியில் எவ்வளவு கட்டினோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வழக்கமான தவணையை நிறுத்த வேண்டாம்

கோபத்தில் பலர் முதலில் செய்வது தவணையை நிறுத்துவதுதான். ஒப்பந்தத்தில் தவணை தவறினால் வட்டி என்றும், தொடர்ந்து தவறினால் ஒப்பந்தத்தையே முடித்துவிடலாம் என்றும் எழுதியிருப்பார்கள். தவணையை நிறுத்தினால் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும். பழைய தவணையைத் தேதி தவறாமல் கட்டி பற்றுச்சீட்டு வாங்குங்கள். புதிய தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள். அது பற்றித் தொலைபேசியில் "சரி" என்றோ "பார்க்கிறோம்" என்றோ சொல்லிவிடாதீர்கள்.

படி 2: ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்

நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கத் தேவையில்லை.

முதலாவது, வீட்டைப் பற்றிய அட்டவணை. அங்கே கார் தரிப்பிடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? "ஒரு தரிப்பிடம் உட்பட" என்று இருந்தால் அதன் விலை ஏற்கெனவே வீட்டு விலைக்குள் இருக்கிறது. இரண்டாவது, வசதிகளின் பட்டியல். ஜிம், ஜெனரேட்டர், மொட்டைமாடித் தோட்டம் எல்லாம் அதில் வரும். விளம்பரப் புத்தகத்தில் மட்டும் போட்டிருந்தால் வாதம் கொஞ்சம் பலவீனம், ஒப்பந்தத்தோடு இணைத்திருந்தால் பலம். மூன்றாவது, விலை மாறலாம் என்று சொல்லும் வாசகம்.

இந்த மூன்றாவதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு வாசகங்கள் இருக்கும். ஒன்று, கட்டடத்தின் வரைபடத்தை மாற்ற பில்டருக்கு அனுமதி கொடுப்பது. மற்றது, இன்ன காரணத்துக்காக விலையைக் கூட்டலாம் என்பது. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கேட்பார்கள். வரைபடத்தை மாற்றலாம் என்று எழுதியிருப்பதால் மட்டும், அதற்கான செலவை உங்களிடம் அறவிடலாம் என்று ஆகிவிடாது. அக்காவின் ஒப்பந்தத்தில் விலை கூட்டலாம் என்ற வாசகம் கட்டடப் பொருட்களின் விலை உயர்வுக்கு மட்டும், அதுவும் "இனிச் செலுத்த வேண்டிய மீதித் தொகையின் மீது" என்று இருந்தது. இந்தச் சில சொற்கள் பிறகு எவ்வளவு காசைக் காப்பாற்றின என்பதைக் கீழே பாருங்கள்.

படி 3: பெருக்கிப் பாருங்கள்

உங்களிடம் கேட்ட தொகையை வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வசதிக் கட்டணம் 9 இலட்சம், வீடுகள் 42. மூன்று கோடியே 78 இலட்சம் வருகிறது. அப்படியானால் அந்தக் கட்டடத்தில் மூன்றே முக்கால் கோடிக்கு மேல் புதிதாக என்ன வந்திருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பேச்சு மாறும். அதுவரை "வசதி" என்ற ஒரு சொல்லாக இருந்ததை அவர்கள் பொருளாகவும் விலையாகவும் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

படி 4: எழுதிக் கேளுங்கள்

கடிதத்தைப் பதிவுத்தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கொழும்பில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். நாங்கள் கேட்டவை இவைதான்:

1. ஒவ்வொரு தொகையையும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள்?
2. புதிதாகச் சேர்த்த வசதிகள் எவை? ஒவ்வொன்றின் மொத்தச் செலவு என்ன, அதற்கான பட்டியல் எங்கே?
3. அந்தச் செலவை வீடுகளுக்கிடையே எப்படிப் பிரித்தீர்கள், சமமாகவா, சதுர அடிப்படியா?
4. கார் தரிப்பிடம் எத்தனையாம் இலக்கம், கூட்டாதன வரைபடத்தில் அது என் வீட்டோடு சேர்ந்த பகுதியா, எல்லோருக்கும் பொதுவான பகுதியா?
5. கேட்கும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா?

நான்காவது கேள்விக்கு முக்கியத்துவம் கொடுங்கள். எது எந்த வீட்டுக்கு, எது பொது என்று காட்டும் கூட்டாதன வரைபடம் பதிவான பிறகு பொதுப் பகுதிகள் வீட்டு உரிமையாளர் எல்லோருக்கும் சேர்ந்த சொத்து. பொதுப் பகுதியில் கோடு போட்டு இலக்கம் எழுதி 12 இலட்சத்துக்கு விற்றால், நீங்கள் வாங்கியது நிறுத்துவதற்கான ஒரு வாய்மொழி அனுமதிதான். நாளைக்கு உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அதை வேறுவிதமாகத் தீர்மானிக்கலாம். கூடவே, மாநகர சபை அனுமதித்த கட்டட வரைபடத்தின் பிரதியையும் கேளுங்கள். நகர அபிவிருத்தி விதிகள் தரிப்பிடம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே கட்டாயப்படுத்துகின்றன. அனுமதி பெறும்போதே அந்த வரைபடத்தில் இருந்த தரிப்பிடத்தை இப்போது "மேலதிகம்" என்று எப்படிச் சொல்வது?

படி 5: பதிலை வரிக்கு வரி சரிபாருங்கள்

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதை மேசையில் வைத்து, அக்காவும் நானும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் எழுதிக்கொண்டு போனோம்.

கார் பார்க் 12 இலட்சம்: அட்டவணையில் ஒரு தரிப்பிடம் உட்பட என்றே இருந்தது. அனுமதித்த வரைபடத்திலும் 42 தரிப்பிடங்கள். அவர்கள் சாதாரண தரிப்பிடத்தை, காரை மேலே தூக்கி நிறுத்தும் இயந்திரத் தரிப்பிடமாக மாற்றியிருந்தார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. அக்கா கேட்கவில்லை. இது முழுதாக நீங்கியது.

வசதிகள் 9 இலட்சம்: ஜிம்முக்கு ஒரு கோடி 68 இலட்சம், மொட்டைமாடித் தோட்டத்துக்கு 84 இலட்சம், ஜெனரேட்டருக்கு ஒரு கோடி 26 இலட்சம் என்று பிரித்திருந்தார்கள். முதல் இரண்டும் ஒப்பந்த இணைப்பிலேயே இருந்தவை. ஜெனரேட்டர் விடயம் வேறு. ஒப்பந்தத்தில் லிஃப்டுக்கும் நடைவழி விளக்குக்கும் மட்டும் போதுமான சிறிய ஜெனரேட்டர் இருந்தது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் முழு மின்சாரம் தருவதைப் போட்டிருந்தார்கள், விலை வித்தியாசத்துக்குப் பட்டியலும் காட்டினார்கள். 2022 இன் மின்வெட்டுக் காலத்தைப் பார்த்த அக்காவுக்கு அது வேண்டும். 42 ஆல் பிரித்தால் 3 இலட்சம். ஏற்றுக்கொண்டார். நியாயமான செலவை மறுக்கக் கூடாது என்பதே என் நினைப்பும். அதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதை மறுக்கும்போது அவர்கள் காது கொடுப்பார்கள்.

விலைத் திருத்தம் 6 இலட்சத்து 40 ஆயிரம்: இது மொத்த விலையில் 2 வீதம். ஒப்பந்தம் மீதித் தொகையின் மீது என்கிறது. மீதி ஒரு கோடி 28 இலட்சம், அதில் 2 வீதம் 2 இலட்சத்து 56 ஆயிரம். கட்டி முடித்த காசுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். இந்தத் தவறு வேறு பல கடிதங்களிலும் இருக்கும், கவனியுங்கள்.

ஆக 27 இலட்சத்து 40 ஆயிரம் கேட்ட இடத்தில் 5 இலட்சத்து 56 ஆயிரம்.

படி 6: எழுத்தில் முடியுங்கள்

கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே "இன்று பேசியது இவை" என்று மின்னஞ்சல் போடுங்கள். வங்கிக் கடன் எடுத்திருந்தால் புதிய விலையை வங்கிக்கும் அறிவியுங்கள். அவர்களின் கடன் அனுமதி பழைய விலைக்குத்தான் இருக்கும். பில்டர் கடைசி வரை மறுத்தால், சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் போக வேண்டும். அதற்குள் சாவிக்காகக் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துவதாகக் கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். அதன் வாசகத்தைச் சட்டத்தரணியே எழுதட்டும்.

அக்காவின் கட்டடத்தில் கணக்காளர் கடைசியாக "ஒரு துண்டில் எழுதித் தாறேன்" என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நிலத்தைப் பற்றிய ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டது, திருத்தமும் அங்கேயே எழுதப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பத்து நாளில் திருத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் புதிய விலையும், தரிப்பிடத்தின் இலக்கமும், அது அவருடைய வீட்டோடு சேர்ந்தது என்பதும் இருக்கின்றன.