மெட்டியின் அளவு படத்திலேயே தெரிய

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி மெட்டி, ஜிமிக்கியை ஆன்லைனில் விற்பவர்கள் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுக்கிறார்கள். 2011 வரிசை நாணயம் சுமார் 22 மி.மீ., 2019 வரிசை 20 மி.மீ. வாங்குபவர் எதை நினைப்பார்? ஸ்டீல் ஸ்கேலே நல்லது.

ஸ்கேலைத் தரையில் வைத்து ஜிமிக்கியை நிற்கவைத்தால், லென்ஸுக்கு அருகில் வரும் ஜிமிக்கி பெரிதாகத் தெரியும். அதனால் படுக்கவைத்து, ஸ்கேலின் கோடுகளை ஒட்டி, நேர் மேலிருந்து எடுங்கள்.

அப்புறம் உள்ளங்கையில் வைத்து ஒரு படம். கையை கேமராவை நோக்கி நீட்ட வேண்டாம். போனை இரண்டடி தள்ளிப் பிடித்து, 2x ஜூமில், மணிக்கட்டு வரை தெரியும்படி எடுங்கள். விரல்நுனி மட்டும் தெரிந்தால் அது குழந்தையின் கையா, பெரியவர் கையா என்றே புரியாது.