பழைய லேப்டாப்பில் வேலை செய்யும் லேன் கேபிள் புதியதில் செய்யாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே லேன் கேபிளைப் பழைய லேப்டாப்பில் சொருகினால் இணையம் வருகிறது, புதிய லேப்டாப்பில் சொருகினால் வருவதில்லை. அப்போது பெரும்பாலானோர் "கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, புது லேப்டாப்பில்தான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீண் செலவு வைக்கும் தவறு இதுதான். ஒரு லேப்டாப்பில் இணைப்பு கிடைத்தது என்றால், அந்த லேப்டாப்புக்குத் தேவையான கம்பிகள் நன்றாக இருக்கின்றன என்று மட்டுமே பொருள். கேபிள் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகம் மட்டுமே உள்ள பழைய நெட்வொர்க் கார்டு, அவற்றில் 1, 2, 3, 6 என்ற எண்களில் வரும் நான்கு கம்பிகளை மட்டும் பயன்படுத்துகிறது. மற்ற நான்கும் அறுந்து கிடந்தாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. 1000 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஜிகாபிட் கார்டுக்கோ எட்டும் வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த வேகத்தில் இணைவது என்று ரூட்டரும் லேப்டாப்பும் முதலில் பேசிக்கொள்வதும் அதே 1, 2, 3, 6 கம்பிகளின் வழியாகத்தான். அவை நன்றாக இருப்பதால் இருவரும் ஜிகாபிட் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு நான்கு இணைகளிலும் இணைப்பை ஏற்படுத்த முயன்று, ஒன்று அறுந்திருப்பதால் தோற்று, மறுபடியும் பேச்சைத் தொடங்குகிறார்கள். சில கார்டுகள் சில முயற்சிகளுக்குப் பின் தாமாகவே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், சில இறங்குவதில்லை. ஆகவே இரண்டு புதிய லேப்டாப்புகளில்கூட ஒன்றில் இணைப்பு வந்து மற்றொன்றில் வராமல் போகலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. கீழ்த்தளத்து ரூட்டரிலிருந்து மாடி அறைக்கு ஏறத்தாழ 15 மீட்டர் கேபிள் போகிறது. பழைய லேப்டாப்பில் போர்ட் விளக்கு நிலையாக எரிந்தது. புதியதில் சில நொடிகளுக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. சர்வீஸ் கடையில் "மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும்" என்றார்கள். அதற்கு முன் புதிய லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், ஒரு மீட்டர் நீளமுள்ள வேறொரு கேபிளால் ரூட்டரின் அதே போர்ட்டில் இணைத்து, பவர்ஷெல்லில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
Get-NetAdapter
```

Status என்ற இடத்தில் Up என்றும், LinkSpeed என்ற இடத்தில் 1 Gbps என்றும் வந்தது. லேப்டாப்பின் போர்ட், அதன் கார்டு, ரூட்டரின் போர்ட் ஆகிய மூன்றின் மீதான சந்தேகமும் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.

அடுத்து, மாடியில் பழைய கேபிளையே மறுபடி சொருகி, Device Manager-இல் கார்டின் Advanced பகுதிக்குப் போய், Speed & Duplex என்பதை 100 Mbps Full Duplex என்று மாற்றியதும் விளக்கு நிலைத்து நின்றது. இணைப்பு 100இல் வருகிறது, ஜிகாபிட்டில் வரவில்லை என்றால், 4, 5, 7, 8 என்ற கம்பிகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபிள் டெஸ்டரில் வைத்துப் பார்த்தபோது ஏழாவது விளக்கு எரியவில்லை. கண்ணாடி போன்ற கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெள்ளை-பிரவுன் கம்பி மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டையாக, தங்க நிறத் தகட்டைத் தொடாமல் நின்றது. அந்த முனையை வெட்டி, புதிய கனெக்டர் வைத்துக் கிரிம்ப் செய்ததோடு வேலை முடிந்தது. சில இடங்களில் இணைய இணைப்பு தருபவர்கள் நான்கு கம்பிகள் மட்டுமே உள்ள கேபிளை இழுத்துவிடுவதும் உண்டு. அதில் எத்தனை முறை கிரிம்ப் செய்தாலும் ஜிகாபிட் வராது.

சோதனைக்காக மாற்றிய வேகத்தை அப்படியே விட்டுவிடுவது இன்னொரு தவறு. லேப்டாப் பேச்சுக்கே வராமல் 100 Full என்று பிடிவாதமாக நின்றால், எதிர்முனை வேகத்தை மட்டும் கண்டுகொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸ் நிலைக்குப் போய்விடும். இணைப்பு இருப்பதுபோலத் தெரியும். பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது ஆமை வேகத்தில் நகரும். சோதனை முடிந்ததும் Auto Negotiation என்பதற்குத் திருப்பிவிட வேண்டும்.

யூஎஸ்பி லேன் அடாப்டரை வைத்துக் கார்டைத் தீர்ப்பிடுபவர்களும் ஏமாறுவதுண்டு. யோசனை நல்லதுதான், ஆனால் மலிவான அடாப்டர்கள் பல 100 எம்பிபிஎஸ் மட்டுமே கொண்டவை. கேபிளில் ஓர் இணை அறுந்திருந்தாலும் அவை வேலை செய்யும். உடனே "லேப்டாப் கார்டு போய்விட்டது" என்று தோன்றும். ஜிகாபிட் அடாப்டராக இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும்.

டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்துவிட்டால் கேபிள் சரி என்று நம்புவதும் முழுக்கச் சரியில்லை. விலை குறைந்த டெஸ்டர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் போகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. மூன்றாம் கம்பியும் ஆறாம் கம்பியும் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும் என்பதை அறியாமல், இணைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கிரிம்ப் செய்தவர் இரண்டு முனையிலும் அதையே செய்திருந்தால் எட்டு விளக்கும் அழகாக எரியும், இணைப்போ தடுமாறும். பரவலாகப் பயன்படும் வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்பதாகும். நீல இணை நடுவில் உட்கார, பச்சை இணை அதன் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும்.

போர்ட்டைப் பார்க்காமலே டிரைவரை மாற்றத் தொடங்குவது பலருக்கும் பழக்கம். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால், எட்டுத் தகட்டுக் கம்பிகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, ஒன்று மட்டும் அமுங்கிக் கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும். மெல்லிய லேப்டாப்புகளில் கீழ்த்தாடை போலத் திறக்கும் போர்ட்டில், அந்தத் தாடை முழுவதும் இறங்காவிட்டால் கனெக்டர் பாதியிலேயே நிற்கும். கேபிளின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தாலும் இதே கதைதான். சொருகும்போது "டிக்" என்ற ஓசை கேட்கவேண்டும், மெல்ல இழுத்தால் வரக்கூடாது.

விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் வரவில்லை என்றால், கேபிளோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் வீண். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். இணைய நிறுவனத்தின் கேபிளை ரூட்டர் இல்லாமல் நேராக லேப்டாப்பில் சொருகுபவர்களுக்கு, அந்த நிறுவனம் பழைய லேப்டாப் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் அனுமதித்திருப்பதும் காரணமாக இருக்கலாம். ஒரு போன் அழைப்பில் மாற்றித் தருவார்கள்.

கார்டைக் கடைசியாகத்தான் குற்றம் சொல்ல வேண்டும், அதையும் சரியான சோதனையால் சொல்ல வேண்டும். 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் செய்து பதில் வந்ததால் கார்டு நலம் என்பார்கள். அந்தப் பிங் இயக்க முறைமைக்குள்ளேயே சுற்றித் திரும்புகிறது, கார்டைத் தொடுவதே இல்லை. நல்ல கேபிளால் இரண்டு லேப்டாப்புகளையும் நேருக்கு நேர் இணைத்துப் பாருங்கள்; இன்றைய ஜிகாபிட் கார்டுகள் கம்பிகளைத் தாமே மாற்றிக்கொள்வதால் இதற்குத் தனிக் கேபிள் தேவையில்லை. அப்போதும் விளக்கு எரியவில்லை என்றால், பயாஸில் லேன் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு மறுபடி இயக்குங்கள், ஏனெனில் தூக்க நிலையிலிருந்து எழும்போது சில கார்டுகள் சிக்கிக்கொண்டு, வெறும் ரீஸ்டார்ட்டில் விடுபடுவதில்லை. லினக்ஸை யூஎஸ்பி டிரைவிலிருந்து ஏற்றிப் பார்த்தால் டிரைவர் சந்தேகமும் போய்விடும். அங்கும் கேபிள் சொருகிய நிலையில் ethtool என்ற கட்டளையைக் கார்டின் பெயரோடு கொடுத்தால் `Link detected: no` என்றே வந்தால், கடைக்காரர் சொன்ன மதர்போர்டு வேலையைப் பற்றி யோசிக்கலாம். பழுதுக்கூலி அதிகமாக இருந்தால் ஜிகாபிட் யூஎஸ்பி அடாப்டரே போதும்.