வில்லன் ஏன் எல்லாவற்றையும் உளறுகிறான்? நாடகம் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் திருவிழாவுக்கு நாடகம் எழுதும் இளைஞர்களின் பிரதிகளில் ஒரு காட்சி தவறாமல் வரும். கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டு, தோட்டக் கோயில் நிலத்தை எப்படி அமுக்கப்போகிறேன் என்று நிலத்தரகர் முழுத் திட்டத்தையும் ஒப்பிப்பார். அதற்குள் இவன் கயிற்றை அவிழ்த்துவிடுவான்.

வில்லன் பேசுவது தவறில்லை. திட்டம் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், நாயகனுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த இரண்டுமே எழுதுபவரின் தேவைகள். பேசுவதால் தரகருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை, தவறு அங்கேதான்.

சரி, அதே விஷயத்தை அவர் கோயில் தலைவரிடம் பேசட்டும். தலைவரின் கையெழுத்து அவருக்கு வேண்டும், அதனால் பேசியே ஆக வேண்டும். ஒட்டுக்கடையில் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே, "கோயிலை இடிக்கமாட்டோம் தலைவரே, நகர்த்தி வைக்கிறோம். புது இடம், புதுக் கோபுரம், கும்பாபிஷேகச் செலவும் நம்முடையது" என்கிறார். புது இடம் யார் பெயரில் இருக்கும் என்று தலைவர் கேட்டதும், "முதலில் பலகாரம் சாப்பிடுங்கள்" என்று தட்டை நகர்த்துகிறார். திட்டம் வெளியே வந்துவிட்டது, பொய் எங்கே என்பதும் தெரிந்துவிட்டது. அவர் விழுங்கிய பதிலைத்தான் பார்வையாளர் பிடித்துக்கொள்வார்.

இன்னொரு வழி, பேச்சைக் காலம் கடந்த பிறகு வைப்பது. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' சித்திரக்கதையில் (1986–87) வில்லன் எல்லாவற்றையும் விளக்குகிறான். தடுத்துவிடலாம் என்று மற்றவர்கள் நினைக்கும்போது, முப்பத்தைந்து நிமிடங்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டதாகச் சொல்கிறான். பேசும் வில்லன் தோற்பான் என்ற நம் பழக்கத்தையே அந்தக் கதை பொறியாக்குகிறது.

அடியாட்கள் விஷயம் இதைவிட எளிது. சாவியைத் தொலைப்பவன், வாசலில் தூங்குபவன் என்று எழுதினால் நாயகனின் வெற்றியும் மலிந்துபோகும். மடையன் ஒருவனை இவர் ஏன் வைத்திருக்கிறார் என்பதற்குத் தரகரின் குணத்திலேயே காரணம் வேண்டும். முன்பு இருந்த கெட்டிக்காரப் பையன் பங்கு கேட்டான், அவனை விரட்டிவிட்டார். அப்புறம் மச்சானைச் சேர்த்துக்கொண்டார், அவன் எதையும் கேட்கமாட்டான். "பேப்பரைக் கொண்டுபோய்த் தலைவரிடம் கொடு" என்றதும், எந்தப் பேப்பர் என்று கேட்காமல், வீடமைப்பு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் உட்பட முழு ஃபைலையும் கொடுத்துவிட்டு வருகிறான். தரகர் தேடி எடுத்த குணமே அவரைக் கவிழ்க்கிறது. (இந்தக் காட்சிக்குச் சிரிப்பும் நிச்சயம்.)

திறந்தவெளி மேடையில் ஒரு சிக்கல் உண்டு. பாதிக் கூட்டம் கச்சான் வாங்கப் போயிருக்கும், ஜாடையாகச் சொன்னது எட்டாது. அதனால் நிலம் யார் பெயரில் என்ற கேள்வியைத் தலைவரின் மனைவியும் ஒருமுறை சத்தமாகவே கேட்கட்டும். பதிலை மட்டும் தரகர் வாயில் வைக்காதீர்கள்.